தலைப்பில் ‘தாக்கம்’, கையில் அறுபது படிவம்

கேள்வி: திருவொற்றியூரில் இருந்து எழுதுகிறேன். முதுகலைச் சமூகப்பணி இரண்டாம் ஆண்டு. என் ஆய்வேட்டுத் தலைப்பு: ‘2023 எண்ணெய்க் கசிவு வட சென்னை மீனவர்களின் வருமானத்தில் ஏற்படுத்திய தாக்கம்’. எண்ணூர் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் இரண்டிலும் 60 குடும்பங்களிடம் படிவம் நிரப்பி, 8 பேரிடம் நேர்காணல் எடுக்கப் போகிறேன். பத்துப் படிவம் முன்னோட்டமாக எடுத்தாயிற்று. ஆய்வுக் கேள்விகள்: கசிவால் வருமானம் எவ்வளவு குறைந்தது? கல்வி நிலைக்கும் மீண்டு வந்ததற்கும் தொடர்பு உண்டா? குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன? கைடு ஓரத்தில் ‘தலைப்பும் மெத்தடும் ஒட்டவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். எங்கே ஒட்டவில்லை?

பதில்: ‘தாக்கம்’ என்ற சொல்லில்தான் முதல் சிக்கல். அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தால், கசிவு நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் எவ்வளவு சம்பாதித்திருக்கும் என்று காட்டுவதாக வாக்குக் கொடுக்கிறீர்கள். 2023 டிசம்பரில் என்னென்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல், 3, 4 தேதிகளில் விடாத மழை, கடலுக்குப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கை, வெள்ளம். அந்த வெள்ளத்தோடுதான் எண்ணெயும் கழிமுகத்துக்கு வந்தது. வலையும் படகும் எண்ணெய் பிடித்துக் கிடந்தன. மீன் கிடைத்தாலும் எண்ணூர் மீனா என்று வாங்கத் தயங்கினார்கள். ஒரு குடும்பத்தின் வருமானம் குறைந்தது என்றால், அதில் புயலுக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று உங்கள் படிவத்தால் பிரிக்க முடியாது. 60 குடும்பமும் புயலிலும் இருந்தவை, கசிவிலும் இருந்தவை.

நான் வழிநடத்திய மாணவர் ஒருவருக்கு இதே அடி விழுந்தது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ வேலையால் கடைக்காரர்களுக்கு வியாபாரம் எவ்வளவு குறைந்தது என்று எடுத்தார். வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: ‘நவம்பர் 2016-ல் நோட்டு செல்லாமல் போனதே, அதை எங்கே கழித்தீர்கள்?’ தலைப்பைப் பார்த்து அனுப்பியது நான்தான் என்பதால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது வருமான எண்கள். கசிவுக்கு முந்தைய மாத வருமானத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? அவர்கள் நினைவில் இருந்துதான். முன்னோட்டப் படிவங்கள் பத்தையும் மேசையில் பரப்பி, ‘முன்பு’, ‘பின்பு’ என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பாருங்கள். எல்லாம் 15,000, 10,000, 5,000 என்று முழு எண்ணாக நிற்கிறதா? ‘முன்பு’ என்பதில் பாதிக்கு மேல் ஒரே தொகை திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது வருமானம் இல்லை, வருமானத்தைப் பற்றிய ஒரு மதிப்பீடு. போதாததற்கு இது நிவாரணம் கொடுக்கப்பட்ட ஊர். காகிதத்தோடு வந்து வருமானம் கேட்கிறவரை மறுபடி கணக்கெடுக்க வந்தவராகத்தான் பார்ப்பார்கள். ‘பின்பு’ குறைந்தும் ‘முன்பு’ கூடியும் வருவதில் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

இந்த இரண்டு கட்டங்களையும் எஸ்பிஎஸ்எஸ்ஸில் போட்டு பேர்டு டி-டெஸ்ட் ஓட்டினால், அநேகமாகத் திரையில் பி மதிப்பு .000 என்று அழகாக வரும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மக்கள் சொன்ன இரண்டு எண்களும் வேறு வேறு என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்கிறது. ஏன் வேறு என்று அது சொல்லாது.

ஓட்டையை அரசுப் புள்ளிவிவரத்தால் அடைக்கலாமே என்று தோன்றும். காசிமேட்டில் மீன் இறங்கும் கணக்கு பெரும்பாலும் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளைப் பற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அந்த எண்ணிக்கை சரியும். உங்கள் குடும்பங்கள் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பக்கத்திலேயே விற்பவை. அந்த வரவு இந்தக் கணக்கில் வந்து சேராது. இதே காரணத்தால் தலைப்பில் ‘வட சென்னை மீனவர்கள்’ என்பதும் நிற்காது. காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளியும் வட சென்னை மீனவர்தான், அவரிடம் நீங்கள் போகவே இல்லை.

கல்விக் கேள்வியைப் பேசாமல் எடுத்துவிடுங்கள். கல்வியில் நான்கு பிரிவு, மீண்டதில் மூன்று பிரிவு என்றால் 12 கட்டம். 60 பேரைச் சமமாகப் பிரித்தாலே கட்டத்துக்கு 5 பேர். உண்மையில் பலர் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பார்கள், பல கட்டங்கள் காலியாகும், கை-ஸ்கொயர் செல்லாது.

எஞ்சியிருப்பது உங்கள் மூன்றாவது கேள்வி. எனக்கு முதலிலிருந்தே அதுதான் பிடித்தது. 8 நேர்காணலும் அதற்குப் பொருத்தமான கருவிதான். இன்னும் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் மீன் விற்கும் பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். ஆண்கள் படகைப் பற்றிச் சொல்வார்கள். அடுப்பு எப்படி எரிந்தது என்பது பெண்களிடம்தான் இருக்கும்.

ஒரு யோசனை. வருமானம் எவ்வளவு என்று கேட்பதை விட்டு, தேதி போட்ட காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். நகை அடகு வைத்த ரசீது, மகளிர் குழுக் கடன் பாஸ்புக், வலை வாங்கிய பில். ‘நவம்பரில் மாசம் எவ்வளவு வந்துச்சுக்கா?’ என்றால் ஒரு முழு எண் வரும். ‘கம்மல எப்பக்கா வச்சீங்க?’ என்றால் பெட்டியைத் திறந்து ரசீதைக் காட்டுவார்கள். 2024 ஜனவரியில் வைத்தது, இன்னும் மீட்கவில்லை என்பது நினைவை நம்பாத தகவல். பெயரும் ரசீது எண்ணும் வேண்டாம். அனுமதி கேட்டுத் தேதி, தொகை, மீட்டாயிற்றா என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் எண்ணெயால்தான் அடகு போனது என்று எழுதிவிடாதீர்கள். கசிவுக்குப் பிந்தைய மாதங்களில் அடகு போனது, காரணமாகக் குடும்பம் இதைச் சொல்கிறது என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

தலைப்பை நான் இப்படி வைப்பேன்: ‘2023 டிசம்பர் புயல், எண்ணெய்க் கசிவுக்குப் பின் எண்ணூர் கழிமுக மீனவக் குடும்பங்கள் பிழைப்பை நடத்திய வழிகள்: இரு குப்பங்களில் ஓர் ஆய்வு’. நீளம்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்களிடம் தரவு இருக்கிறது. கேள்விகள் இரண்டு போதும். வரவு குறைந்த மாதங்களில் குடும்பங்கள் எவற்றை விற்றன, அடகு வைத்தன, யாரிடம் கடன் வாங்கின, என்ன வேலைக்கு மாறின? இந்த முடிவுகளைக் குடும்பத்தில் யார் எடுத்தார்கள்? முதலாவதற்குப் படிவமும் ரசீதும், இரண்டாவதற்கு நேர்காணல். கருதுகோள் எதுவும் எழுதியிருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். சோதனை இல்லாத ஆய்வில் அது தொங்கிக்கொண்டு நிற்கும்.

பழவேற்காட்டை ஒப்பீட்டுக்கு எடுத்தால் ‘தாக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாமா என்று உங்கள் கைடு கேட்கக்கூடும். புயல் மட்டும் பட்ட, எண்ணெய் படாத ஊர் வேண்டும் என்பது சரியான எண்ணம்தான். அங்கே எண்ணெய் எட்டவே இல்லை என்று முதலில் நிறுவ வேண்டும். அதுவும் ஏரித் தொழில், கழிமுகத் தொழில் அல்ல. முந்தைய வருமானத்துக்கு அங்கேயும் நினைவுதான் கதி. முதுகலை ஆய்வேட்டுக்கு இருக்கும் நாட்களில் அது ஆகாது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

சினாப்சிஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தால், களத்துக்குப் போகுமுன் தலைப்பு மாற்றத்துக்குத் துறையில் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கைடைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு தாள் போதும்: இடது பக்கம் தலைப்பின் ஒவ்வொரு சொல்லும், வலது பக்கம் அதற்குப் பதில் தரும் படிவக் கேள்வியின் எண்ணும். அதிலேயே பழைய தலைப்புக்கு ஒரு பட்டியல், புதியதற்கு ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். பழையதில் ‘தாக்கம்’ என்பதற்கு எதிரே எழுத எந்த எண்ணும் கிடைக்காது.