நர்மதைக்கும் தபதிக்கும் நடுவே 4 மில்லிமீட்டர்

"அட்லஸ் பார்த்து நோட்டு நிறைய குறிப்பு எடுத்திருக்கிறேன். வெற்று இந்திய வரைபடத்தில் குறிக்கும்போது மட்டும் நர்மதை, தபதி, விந்தியம், சாத்பூரா நான்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. பயிற்சித் தாளை எப்படித் தயாரிப்பது?"

முதலில் தாளைச் சோதியுங்கள். நகலுக்கு நகல் எடுத்து, 'முக்கிய 100 இடங்கள்' என்று கட்டுக்கட்டாக விற்பவர்களிடம் வாங்கியிருந்தால் வரைபடமே ஒரு பக்கமாக இழுபட்டிருக்கலாம். இந்தியா வடக்கு தெற்காக 3,214 கி.மீ., கிழக்கு மேற்காக 2,933 கி.மீ. எனவே வரைபடம் 21 செ.மீ. உயரம் என்றால் அகலம் 19 செ.மீ.யை ஒட்டி வரவேண்டும். 17 வந்தால் தூக்கிப் போடுங்கள். அந்தத் தாளில் எவ்வளவு பழகினாலும் கை தப்பாகத்தான் பழகும்.

சரியான தாளில் அட்லஸைப் பார்த்து இரண்டே கோடுகளை இடுங்கள்: கடகரேகை, 82½° கிழக்கு தீர்க்கரேகை. 21 செ.மீ. தாளில் ஒரு பாகை அட்சம் சுமார் 7 மி.மீ. உங்கள் குறிப்பில் 'நர்மதை அமர்கண்டக்கில் பிறக்கிறது' என்றுதான் எழுதியிருப்பீர்கள். அதன் பக்கத்தில் தூரத்தையும் எழுதுங்கள்: இரு கோடுகளும் வெட்டும் இடத்திலிருந்து 6 மி.மீ. கீழே, 5 மி.மீ. இடதுபுறம். நர்மதை அங்கே தொடங்கி, லேசாகச் சரிந்து காம்பே வளைகுடாவுக்குப் போகிறது. தபதி பிறக்கும் முல்தாய், கடகரேகைக்கு 12 மி.மீ. கீழே, 82½° கோட்டுக்கு 28 மி.மீ. இடதுபுறம்.

சிக்கல் முகத்துவாரத்தில்தான். அங்கே இரண்டு நதிகளுக்கும் இடைவெளி 4 மி.மீ.கூட இருக்காது. ஆகவே நதிகளை முதலில், கூர்மையான பென்சிலில் வரையுங்கள். அப்புறம் நடுவில் சாத்பூராவையும் நர்மதைக்கு வடக்கே விந்தியத்தையும் மெல்லிய பட்டையாகத் தீட்டுங்கள். சாத்பூராவுக்கு இடம் போதவில்லையா? தபதியை மேலே ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். தேர்வில் தரும் வரைபடம் இதைவிடச் சின்னதாகவும் மங்கலாகவும் இருக்கலாம். மதிப்பெண் வைத்துக் கேட்பவர்கள் அதைக் கொஞ்சம் பெரிதாக அச்சடித்தால் என்ன குறைந்துபோகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நதிக்கோடு மலைப்பட்டையைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் தப்பு. கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டுதுண்டானது, அதை விடுங்கள். இமயமலையில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சிந்து, சத்லெஜ், பிரம்மபுத்திரா மூன்றும் மலைக்கு வடக்கே, திபெத்தில் பிறப்பவை. இமயம் உயர உயர, அதை அறுத்துக்கொண்டே ஓடியவை. சத்லெஜ் ஷிப்கி லா கணவாய் அருகே இந்தியாவுக்குள் நுழைகிறது. பிரம்மபுத்திரா நெடுந்தூரம் கிழக்கே ஓடி, நம்சா பர்வா சிகரத்தைச் சுற்றிக் கொண்டையூசி போலத் திரும்பித்தான் தெற்கே இறங்குகிறது. கோடு மலையை வெட்டுகிறதே என்று பயந்து இவற்றைத் தெற்குச் சரிவில் தொடங்கினால், அது வேறு நதி.