லட்டு இளைக்க என்ன வழி?

கேள்வி: எங்கள் லட்டு ஐந்து வயது ஆண் பூனை. ஒன்றரை வயதில் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். திருச்சியில் இரண்டாவது மாடி ஃபிளாட், வெளியே விடுவதில்லை. தடுப்பூசிக்குப் போனபோது 6.2 கிலோ இருந்தான். "நாலரைதான் இருக்கணும், எடையைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னார். கிண்ணத்தில் டிரை ஃபுட் எப்போதும் இருக்கும். காலையும் மாலையும் கொஞ்சம் பால் குடிப்பான். மதியம் மாமியார் மீன் வறுவலில் ஒரு துண்டு சோற்றோடு பிசைந்து வைப்பார். இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாக இளைத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: பட்டினி மட்டும் வேண்டாம். இரண்டு நாள் என்ன, ஒரு நாள்கூட வேண்டாம். குண்டான பூனை திடீரென்று சாப்பிடாமல் போனால், உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு மொத்தமாகக் கரைந்து கல்லீரலுக்குப் போய்ச் சேரும். அவ்வளவு கொழுப்பையும் கையாள பூனையின் கல்லீரலுக்குத் தெம்பு கிடையாது. கொழுப்பு அங்கேயே தேங்கி, சில நாட்களில் கல்லீரல் படுத்துவிடும். அதற்குப் பிறகு பசி சுத்தமாக எடுக்காது. வாந்தி வரும், எச்சில் ஒழுகும், காது மடலின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். அந்த நிலையில் வரும் பூனைகளுக்கு நாங்கள் குழாய் போட்டு வாரக்கணக்கில் உணவு ஏற்ற வேண்டியிருக்கும். சில பிழைப்பதில்லை. அதனால் இந்த எட்டு மாதத்தில் எப்போதாவது லட்டு ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால், அடம் பிடிக்கிறான் என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

எட்டு மாதமா என்று திகைக்க வேண்டாம். பூனை வாரத்துக்குத் தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதுவே நல்ல வேகம். லட்டுவுக்கு அது வாரம் 60 கிராம், மாதம் கால் கிலோ. 6.2-இலிருந்து 4.5-க்கு வர ஏழெட்டு மாதம் ஆகத்தான் செய்யும். வாரம் 120 கிராமுக்கு மேல் இறங்கினால் நான் கவலைப்படுவேன்.

இப்போது சாப்பாட்டுக் கணக்குக்கு வருவோம். கால்நடை மருத்துவர்கள் பூனையின் இன்றைய எடைக்குக் கணக்குப் போடுவதில்லை, இருக்க வேண்டிய எடைக்குத்தான் போடுவோம். 4.5 கிலோ பூனை சும்மா படுத்துக் கிடந்தாலே ஒரு நாளைக்கு 215 கலோரி அளவுக்குச் செலவாகும். இளைப்பதற்கு அதில் ஐந்தில் நாலு பங்கு கொடுப்போம். லட்டுவுக்கு அது ஏறக்குறைய 170 கலோரி.

அவன் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறான் என்று உங்களுக்கே தெரியாது. கிண்ணம் எப்போதும் நிரம்பியிருக்கும் வீட்டில் யாருக்கும் தெரியாது. முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம், அளந்து மட்டும் பாருங்கள். சமையலறைக்கான டிஜிட்டல் தராசு ஒன்று போதும். கப், கைப்பிடி, "ஒரு ஸ்பூன்" எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், கிராம் மாறாது. காலையில் போடும்போது எடை போடுங்கள், மறுநாள் மீதியை எடை போடுங்கள். 60 கிராம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரை ஃபுட் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி வரை இருக்கும், உங்கள் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். 370 என்று எடுத்தால் கிண்ணத்தில் மட்டும் 220. இரண்டு வேளைப் பாலும் சேர்ந்து 100 மில்லி என்றால் ஒரு 60. மீனும் சோறும் எண்ணெயும் குறைந்தது 40. ஆக 320. தேவைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதில் மாமியாரின் பங்கு எல்லாவற்றிலும் சிறியது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள், பாவம், வீட்டில் எல்லோரும் அவரைத்தான் குறை சொல்லியிருப்பீர்கள்.

320-இலிருந்து ஒரே நாளில் 170-க்கு இறக்கக் கூடாது. இரண்டாவது வாரம் பாலை நிறுத்துங்கள். வளர்ந்த பூனைக்குப் பால் தேவையே இல்லை, பலவற்றுக்கு அது செரிப்பதும் இல்லை. தண்ணீர் போதும். அதோடு 260 ஆகிவிடும். மூன்றாவது வாரம் சோற்றையும் வறுவலையும் விட்டுவிட்டு, உப்பு மசாலா போடாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் 15 கிராம் வையுங்கள். அது 15 கலோரிதான். அதையும் மாமியார் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள், அவருக்கும் பூனைக்கும் உள்ள உறவில் நாம் குறுக்கே போக வேண்டாம். அதே வாரம் டிரை ஃபுட்டை 35 கிராமாக்கி, 85 கிராம் ஈர உணவு பாக்கெட் ஒன்று சேருங்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். பாக்கெட் முழுவதும் சாப்பிட்டாலும் ஏறக்குறைய 65 கலோரி, ஆனால் வயிறு நிறையும். நான்காவது வாரம் டிரை ஃபுட் 25 கிராமுக்கு வந்தால் எல்லாம் சேர்ந்து 170 ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. சாதாரண உணவை இவ்வளவு குறைக்கும்போது கலோரியோடு சேர்ந்து புரதமும் வைட்டமினும் குறையும். புரதம் குறைந்தால் பூனை கொழுப்பை விட்டுவிட்டுத் தசையை இழக்கும். எடை மெஷினில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால், எடை குறைப்பதற்கென்றே வரும் புரதம் கூடிய உணவைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். விலை கூடுதல்தான், அளவு குறைவதால் கொஞ்சம் ஈடாகும். மாற்றுவதாக இருந்தால் பழையதோடு கலந்து பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். புதிய உணவு பிடிக்காமல் லட்டு உண்ணாவிரதம் இருந்தால் மறுபடி கல்லீரல் கதைதான்.

அந்த டாக்டரிடம் போகும்போதே ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடச் சொல்லுங்கள். குண்டுப் பூனைகளுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே இன்சுலின் போடும் பூனைக்கு நான் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. சாப்பாடு குறையும்போது ஊசி அளவும் மாற வேண்டும், அதை வீட்டில் தீர்மானிக்க முடியாது.

ஓடியாடி விளையாடினால் இளைக்காதா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், அதில் செலவாகும் கலோரி கொஞ்சம்தான், எடையைக் குறைப்பது தராசுதான். ஆனால் ஃபிளாட்டுக்குள் அடைந்து கிடக்கும் பூனை பாதி நேரம் பசியால் சாப்பிடுவதில்லை, வேறு வேலை இல்லாமல் சாப்பிடுகிறது. அந்த வேலையைச் சாப்பாட்டிலேயே வைத்துவிடலாம். அந்த 25 கிராமைக் கிண்ணத்தில் கொட்டாதீர்கள். பத்துப் பதினைந்து துண்டுகளை ஒவ்வொன்றாக ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசுங்கள், ஓடிப் போய் எடுப்பான். கொஞ்சத்தை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு மேலே காகிதத்தைக் கசக்கி மூடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் துண்டு விழும் அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தால் உருட்டி உருட்டி எடுப்பான். முதல் இரண்டு நாள் உங்களைத்தான் முறைப்பான், ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கிப் பழக்குங்கள்.

விளையாட்டு என்றால் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு முன்னால். பூனை நீண்ட தூரம் ஓடும் பிராணி இல்லை, பதுங்கி இருந்து பாயும் பிராணி. குச்சி நுனியில் இறகு கட்டி அதன் முகத்துக்கு நேரே ஆட்டினால் திரும்பிப் படுத்துக்கொள்ளும். எலி யாரையும் தேடி வராது அல்லவா? இறகு அவனை விட்டு விலகி ஓடட்டும், சோபா மறைவில் போய் நிற்கட்டும், மறுபடி அசையட்டும். கடைசியில் ஒருமுறை பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். முடிந்ததும் குச்சியையும் நூலையும் அலமாரிக்குள் பூட்டிவிடுங்கள். விழுங்கிய நூலை எடுக்கக் குடலையே திறக்க வேண்டி வந்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர் மே மாத வெயிலில் விளையாட்டை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அத்தோடு நிறுத்துங்கள். கொஞ்சம் விளையாடினாலே ஒவ்வொரு தடவையும் அப்படி வாங்கினால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தராசில், காலைச் சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி நின்று கழிக்கும் முறையில் 100 கிராம் தவறு சாதாரணம், நமக்கு வேண்டியதே இரண்டு வாரத்தில் 120 கிராம்தான். குழந்தைகளை எடை போடும் மெஷின் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கிளினிக்குக்குப் போய்ப் போடுங்கள். கையாலும் சோதிக்கலாம். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, சரியான எடையுள்ள பூனையின் விலா அப்படித் தட்டுப்படும். லட்டுவுக்கு இப்போது உள்ளங்கை போல மெத்தென்று இருக்கும். பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கும் தோல் பை மட்டும் கடைசிவரை போகாது, அது ஒல்லியான பூனைக்கும் உண்டு.

170 கலோரிக்கு வந்த பிறகு ஒரு மாதம் ஆகியும் எடை அசையவில்லை என்றால், உணவைக் குறைக்கும் முன் வீட்டை விசாரியுங்கள். என்னிடம் வந்த ஒரு பூனை மூன்று மாதம் இறங்கவே இல்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து பார்த்தோம். கடைசியில் பார்த்தால், தாத்தா தினமும் டீயில் நனைத்த பிஸ்கட்டைப் பாதி அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார். பிஸ்கட் சாப்பாடு இல்லை என்பது அவர் கட்சி. விசாரித்தும் ஒன்றும் இல்லை என்றால் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வேகமாக இறங்கினால் அதே அளவு கூட்டுங்கள்.

நான்காவது வாரத்தில் லட்டு விடியற்காலை நாலு மணிக்குக் கத்தத் தொடங்குவான். நாளின் உணவை நான்கைந்து வேளையாகப் பிரித்து, கடைசி வேளையை நீங்கள் படுக்கப் போகும்போது ஈர உணவாக வைத்தால் பாதி அடங்கும். மீதிப் பாதிக்கு எழுந்து வராதீர்கள். ஒரே ஒரு நாள் எழுந்து ஒரு பிடி போட்டால், கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். உங்கள் மாமியாரையும் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.