கிரயப் பத்திரத்தில் ஊர்ப் பெயர், தெருப் பெயர் ஆங்கிலத்தில்: கேட்டவையும் சொன்னவையும்

கீழப்பழுவூரில் மனை வாங்குகிறேன், பத்திரம் ஆங்கிலத்தில். தாய்ப் பத்திரத்தில் Kilapaluvur, வரி ரசீதில் Keelapaluvur, வக்கீல் தந்த நகலில் Keezhapazhuvur. எதைப் போடுவது?

மூன்றையும் ஓரமாக வையுங்கள். tnreginet.gov.in-இல் வில்லங்கம் தேடும் பக்கத்தைத் திறந்து, உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தால் கிராமப் பட்டியல் வரும். அதில் உங்கள் ஊர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதையே பத்திரம் முழுக்கப் போடுங்கள். பதிவுக்கு விவரம் ஏற்றும்போதும் கிராமத்தைப் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். பின்னால் வில்லங்கம் தேடும்போது நுழைவும் அதுதான். பத்திரத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பதிவு அந்தக் கிராமத்தின் கீழ்தான் உட்காரும். ஏற்றும்போது தவறான கிராமத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் உங்கள் சர்வே எண்ணில் அந்தப் பத்திரமே தெரியாது.

உங்களுக்கு இந்த ஆபத்து நிஜம். பக்கத்திலேயே மேலப்பழுவூர் இருக்கிறது. Kila என்பதும் Mela என்பதும் வேகமாகப் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். பதிவுக்கு முன் வரைவை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பட்டாவைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள்.

பழைய எழுத்தை விட்டுவிடவும் கூடாது. சொத்து விவரத்தில், தாய்ப் பத்திரத்தில் Kilapaluvur என எழுதப்பட்டிருப்பதும் இதே கிராமம்தான் என்று ஒரு வரி சேருங்கள். தாய்ப் பத்திரம் எண்பதுகளில் எழுதியது என்றால் மாவட்டம் திருச்சிராப்பள்ளி என்றிருக்கும். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது, இப்போது அரியலூர். அதையும் அந்த வரியிலேயே சொல்லிவிட்டால் வங்கி வக்கீல் கேள்வி எழுப்ப இடமில்லை.

ழகரத்துக்கு zh போட வேண்டும் என்று அரசாணையே இருக்கிறதே ஐயா. அப்படியிருக்க Keela என்று எழுதுவது தவறுதானே?

பாதி சரி. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளியானது. கோயம்புத்தூருக்கு Koyampuththoor என்று வந்ததும் எழுந்த சலசலப்பு நினைவிருக்கும். சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. zh அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பத்திரத்தில் நீங்கள் தமிழை நேர்படுத்த உட்காரவில்லை, பதிவேட்டோடு ஒத்துப்போக உட்காருகிறீர்கள்.

எங்கள் வீடு மேலத் தெருவில். பத்திர எழுத்தர் Upper Street என்று அடித்துவிட்டார். Mela Street-ஆ, West Street-ஆ?

Upper என்றால் எந்த ஆவணத்திலும் கிடைக்காது. ஊர்த் தெருக்களில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. அதனால் West Street பொருளில் சரி. ஆனால் தெருப் பெயரை மொழிபெயர்க்க ஆரம்பித்தால் முடிவே இல்லை. பிள்ளையார் கோயில் தெருவை ஒருவர் Vinayagar Temple Street ஆக்குவார், இன்னொருவர் Ganesh என்பார், மூன்றும் மூன்று தெருவாகிவிடும். என் பழக்கம் இதுதான்: ஊராட்சி வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் ஒரே ஆங்கில எழுத்தைச் சொன்னால் அதை எடுத்துக்கொள்வேன். இரண்டும் மாறினால் ஒலியை அப்படியே Mela Theru என்று எழுதுவேன். ஊர்ப் பெயருக்கு இருக்கிற கட்டாயம் தெருவுக்கு இல்லை. சர்வே எண்ணும் நான்குமாலும் விஸ்தீரணமும் சரியாக இருந்தால் மனை அடையாளம் தெரிந்துவிடும்.

எனக்கும் இதே பிரச்சினைதான். ஆதாரில் என் பெயரில் ஒரு h கூடுதல், பட்டாவில் இல்லை.

அது ஆள் பெயர், வேறு கதை. பத்திரத்தில் இரு பெயரும் ஒரே ஆள் என எழுதச் சொல்லுங்கள். இங்கே ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வருடமே பதிந்துவிட்டேன் அண்ணா. பத்திரத்தில் Keelapazhuvur, வில்லங்கத்தில் Kilapaluvur. பிழைத்திருத்தல் பத்திரம் போடணுமா?

முதலில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் எடுத்துப் பாருங்கள். உங்கள் பத்திரம் அதில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அவசரப்பட வேண்டாம். வேறு கிராமத்தின் கீழ் போயிருந்தாலோ, பத்திரத்திலேயே Mela என்று விழுந்திருந்தாலோ திருத்தம் கட்டாயம். அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

வந்திருக்கிறது. ஆனால் வங்கி வக்கீல் திருத்தம் இல்லாமல் கடன் கிடையாது என்கிறார்.

இதில் எனக்கும் வங்கி வக்கீல்களுக்கும் ஒத்துப்போனதே இல்லை. ஒருவர் இரண்டும் ஒரே ஊர் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்பார், இன்னொருவர் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் கேட்பார், மூன்றாமவர் திருத்தத்தில்தான் நிற்பார். என்ன வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். விற்றவர் உள்ளூரில்தானே இருக்கிறார்?

இல்லை அண்ணா, துபாயில்.

அப்படியானால் உறுதிமொழிப் பத்திரத்தோடு கிராம நிர்வாக அலுவலர் சான்றையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் அங்கிருந்தே யாருக்காவது அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டியிருக்கும். அவர் அனுப்புவாரா என்பது உங்கள் இருவருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது.