கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் டைபாய்டு இல்லையா?

"டாக்டர் ஐயா, எங்களுக்கு பகோ பக்கம், டீக்கடை வைத்திருக்கிறோம். மகனுக்கு 17 வயது, 11 நாளாகக் காய்ச்சல். மூணாம் நாள் மருந்துக்கடையில் கலந்து கட்டிக் கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி நாலு நாள் கொடுத்தோம். கொஞ்சம் குறைந்து திரும்ப ஏறிவிட்டது. எட்டாம் நாள் யாங்கோனில் ரத்தம் எடுத்தார்கள். வைடல் டெஸ்டில் டைபாய்டு என்று வந்தது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று இன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டு மூணு நாளாகியும் காய்ச்சல் விடவில்லையே, மருந்து சரியில்லையா?"

முதலில் ஊசி விஷயம். அதை நிறுத்தவோ மாற்றவோ இன்னும் நேரம் வரவில்லை அம்மா. டைபாய்டில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் அன்றே இறங்காது. நாலு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகலாம். தினமும் ஏறும் உச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். நேற்று 40 டிகிரி, இன்று 39.4 என்றால் மருந்து வேலை செய்கிறது. ஏழு நாள் ஆகியும் உச்சம் அப்படியே நின்றால்தான் மருந்தையும் நோயையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

இனி கல்ச்சர், அதாவது ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. டைபாய்டு கிருமி தண்ணீரிலோ உணவிலோ வயிற்றுக்குள் போய், சிறுகுடலின் சுவரைத் தாண்டி, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையின் செல்களுக்குள் புகுந்து ஒன்றிரண்டு வாரம் சத்தமில்லாமல் பெருகும். அங்கிருந்து ரத்தத்தில் இறங்கும்போதுதான் காய்ச்சல் ஆரம்பிக்கிறது. முதல் வாரத்தில் காய்ச்சல் படிப்படியாக, மாலைக்கு மாலை கூடிக்கொண்டே போகும். தலைவலி, வறட்டு இருமல், பெரியவர்களுக்குப் பல சமயம் மலச்சிக்கல். ரத்தத்தில் கிருமியைப் பிடிக்க இதுதான் நல்ல நேரம். அப்போதும்கூட ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமி இருந்தாலே அதிகம். அதனால் எவ்வளவு ரத்தம் எடுத்தார்கள் என்பது முக்கியம். உங்கள் மகன் வயதுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். 2 மில்லி எடுத்துப் போட்டால் கிருமியே இல்லாத துளியை வளர்த்துப் பார்த்த கதையாகிவிடும். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் 100 டைபாய்டு நோயாளிகளில் சுமார் 60 பேருக்குத்தான் ரத்தக் கல்ச்சரில் வளரும்.

உங்கள் மகனுக்கு எட்டாம் நாள் எடுத்திருக்கிறார்கள். நாள் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதற்கு முன் நாலு நாள் அந்தப் பொட்டலம் உள்ளே போயிருக்கிறது. அதில் ஏதாவது ஆன்டிபயாடிக் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். காய்ச்சல் குறைந்தது போலத் தெரிந்ததற்கு அதுவும் காரணமாகலாம். ஆன்டிபயாடிக் ரத்தத்தில் மிதக்கும் கொஞ்சநஞ்சக் கிருமியை அடித்துவிடும். மஜ்ஜையிலும் கல்லீரலிலும் செல்லுக்குள் பதுங்கியிருப்பது தப்பிவிடும். கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போக இது போதும், நோயோ அப்படியே இருக்கும். இன்னொன்று, மூன்று நாளில் கொடுப்பது பெரும்பாலும் இடைக்கால ரிசல்ட். ஐந்து முதல் ஏழு நாள் வரை பாட்டிலை வைத்துப் பார்த்து முடிவான ரிசல்ட் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வைடலையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது கிருமியைப் பார்ப்பதில்லை, உடம்பு அதை எதிர்த்துச் செய்த புரதத்தைப் பார்க்கிறது. முதல் வாரத்தில் நிஜ டைபாய்டிலும் காட்டாமல் போகும். நம் பக்கம் போல இந்தக் கிருமி புழங்கும் இடத்தில் எப்போதோ வந்துபோனதுகூட 'பாசிட்டிவ்' என்று காட்டும். உங்கள் மகனுக்கு நாள் கணக்கும், திரும்ப ஏறிய காய்ச்சலும், வைடலும் சேர்ந்து டைபாய்டு பக்கம் சாய்கின்றன, அவ்வளவுதான். மலேரியா டெஸ்ட் எடுக்கவில்லை என்றால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

கல்ச்சருக்காக நான் இவ்வளவு அடித்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. கிருமி கையில் இருந்தால்தான் எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க முடியும். முன்பு எல்லோரும் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பல இடங்களில் இப்போது சரியாக வேலை செய்வதில்லை. கிருமி கிடைக்காததால் உங்கள் டாக்டர் இப்போது அனுமானத்தில்தான் மருந்து கொடுக்கிறார். காய்ச்சல் இறங்காமல் போனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து கல்ச்சர் எடுக்க ஒரு வழி உண்டு. ஆன்டிபயாடிக் சில நாள் போன பிறகும் அங்கே கிருமி அகப்படும். வலி உள்ள பரிசோதனை என்பதால் எல்லோருக்கும் செய்வதில்லை. மலக் கல்ச்சரில் இரண்டாம், மூன்றாம் வாரம்தான் அதிகம் வளரும், ஆகவே அதையும் இப்போது கொடுத்துப் பார்க்கலாம்.

இனி கவனிக்க வேண்டியது. உங்கள் மகன் இப்போது இரண்டாம் வாரத்தில் இருக்கிறான். காய்ச்சல் ஒரே உயரத்தில் நிற்கும், வயிறு உப்பும், ஆள் சோர்ந்து கண்ணை மூடியே கிடப்பான். மார்பிலும் வயிற்றிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரும் என்பார்கள். நம் நிறத்தில் அது தெரியாது, தேட வேண்டாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிருமி தங்கும் திட்டுகள் வீங்கி, மூன்றாம் வாரம் வாக்கில் புண்ணாகும். அந்தப் புண் ரத்தக் குழாயை அரித்தால் ரத்தப்போக்கு, குடல் சுவரையே துளைத்தால் ஓட்டை.

வீட்டில் ஏமாந்துபோவது இங்கேதான். அதுவரை 39, 40 இருந்த காய்ச்சல் ஒரே நாளில் சட்டென்று இறங்கும், உடம்பு ஜில்லென்று வியர்க்கும். விட்டுவிட்டது என்று நினைத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். நாடியைப் பிடித்துப் பாருங்கள். டைபாய்டில் காய்ச்சலின் அளவுக்கு நாடி வேகமாக இருக்காது என்பது வழக்கம். காய்ச்சல் இறங்கும்போது நாடி மட்டும் 110, 120 என்று ஓடினால் உள்ளே ரத்தம் கசிகிறது அல்லது குடல் ஓட்டையாகிவிட்டது என்று எண்ணுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகவோ ரத்தமாகவோ போவது, வலது அடிவயிற்றில் தொடங்கி பரவும் வலி, தொட்டால் பலகை போல வயிறு, பேச்சு தடுமாறி உளறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். ஓட்டைக்கு ஊசி மருந்து மட்டும் போதாது, ஆபரேஷன் வேண்டும்.

மலம் போகவில்லை என்று விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ எனிமாவோ கொடுத்துவிடாதீர்கள். புண்ணான குடலில் அது ஆபத்து. காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் வேண்டாம், பாராசிட்டமால் போதும். வெறும் கஞ்சியில் பட்டினி போடவும் வேண்டாம். குழைந்த சோறு, முட்டை, தயிர் எல்லாம் கொடுக்கலாம்.

செஃப்ட்ரியாக்சோன் ஊசி வழக்கமாக 10 முதல் 14 நாள் போடுவார்கள். காய்ச்சல் விட்ட மறுநாளே நிறுத்திவிட்டால் திரும்பி வர வாய்ப்பு கூடும். முழுவதும் போட்டாலும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு, காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். அப்போது பொட்டலம் வாங்காமல், முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் கடை. குணமான பிறகும் சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கி மலத்தில் போய்க்கொண்டிருக்கும். ஆன்டிபயாடிக் முடிந்து ஒரு வாரம் கழித்து, இரண்டு நாள் இடைவெளி விட்டு மூன்று முறை மலக் கல்ச்சர் செய்யுங்கள். மூன்றும் சுத்தம் என்று வரும்வரை மகன் டீ ஆற்றவோ பலகாரம் தொடவோ வேண்டாம், கல்லாவில் உட்காரட்டும்.