சரணம் நகராத 'சாவி' வரிக்கு

"காரைக்குடிச் சந்தையில் காதில் விழுந்த 'சாவி எங்கிட்ட, வீடு யாருதோ' நோட்டில் இருக்கிறது. பல்லவியாக வைத்துவிட்டேன். சரணம் நகரவே இல்லை."

அருமையான வரி, விட்டுவிடாதீர்கள். சரணம் பல்லவிக்கு விளக்கம் சொல்லப் போனால் இப்படித்தான் நின்றுவிடும். சொல்வது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எனக்கு, பூட்டிய செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா தெரிகிறார். வரியின் சந்தம் 'தான தன்தன்ன தான தானனா'. அதே ஓட்டத்தில், மோனையோடு அடுத்த வரி:

சாவி எங்கிட்ட, வீடு யாருதோ
தூசி எங்கைக்கு, தூணு யாருதோ

முதல் சரணத்தில் அவர் தனியாக, வீட்டின் நடுமுற்றமான வளவைக் கூட்டட்டும். பர்மாத் தேக்குத் தூண் ஒன்று போதும். நோட்டில் உள்ள எல்லாப் படிமத்தையும் இங்கே கொட்டினால் பாட்டு பட்டியலாகிவிடும். இரண்டாவதில் கல்யாணத்துக்கு வீட்டுக்காரர்கள் வந்து சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் அதே பல்லவி வரும்போது 'எங்கிட்ட' பொய்யாகிவிடும். அங்கே மட்டும் ஒரு சொல்லை மாற்றுங்கள்: 'சாவி உங்கிட்ட, வீடு யாருதோ'. சந்தம் கெடாது, கேள்வி வீட்டுக்காரர் பக்கம் திரும்பிவிடும்.

எழுதியதும் சரணங்களை இடம் மாற்றிப் பாடிப் பாருங்கள். எதுவும் உறுத்தவில்லை என்றால் கதை இன்னும் நகரவில்லை. இனிமேல் நோட்டில் எழுதும்போது, யார், யாரிடம், என்ன தொனியில் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.