விலாவில் பட்ட அடியில் மண்ணீரல் கிழிவது எப்படி?

கேள்வி: கபடி ஆடும்போது எதிரணிப் பையனின் முழங்கால் என் மகனுக்கு (வயது 19) இடப்பக்கக் கீழ் விலாவில் பட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் இடது தோள் வலிக்கிறது என்றான், சற்று நேரத்தில் மயங்கி விழுந்தான். மண்ணீரல் கிழிந்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். வயிற்றில் அடிபடவே இல்லையே டாக்டர், மண்ணீரல் எப்படிக் கிழிந்தது? ஐந்து நாள் ஏன் ஒன்றும் தெரியவில்லை? தோள் ஏன் வலித்தது?

பதில்: மண்ணீரல் வயிற்று உறுப்புதான். ஆனால் அது குடியிருப்பது விலாக்கூட்டுக்குள். இடப்பக்கம் 9, 10, 11-ஆம் விலா எலும்புகளுக்கு உட்புறம், முதுகை ஒட்டினாற்போல், 10-ஆம் விலா எலும்பின் போக்கிலேயே சாய்வாகப் படுத்திருக்கும். அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால், வீங்காத மண்ணீரலின் முன்முனை அந்தக் கோட்டைத் தாண்டி வராது. அதனால்தான் வயிற்றை அழுத்திப் பார்க்கும் கைக்கு அது தட்டுப்படுவதில்லை. உங்கள் மகனுக்கு முழங்கால் பட்ட இடம் நெஞ்சுக்கூடு என்றாலும், அதற்கு நேர் உள்ளே இருந்தது மண்ணீரல்.

எலும்புக்கும் அதற்கும் நடுவே தடிமனான எதுவும் கிடையாது. நுரையீரல் உறையின் கீழ் மடிப்பு, அதையடுத்து நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தட்டான உதரவிதானம், அவ்வளவுதான். உட்பக்கம் திரும்பினால் முன்னால் இரைப்பை, பின்னால் இடது சிறுநீரகம், கீழே பெருங்குடலின் வளைவு, ரத்தக்குழாய்கள் நுழையும் வாயிலருகே கணையத்தின் வால். இரைப்பையோடும் சிறுநீரகப் பக்கத்தோடும் இரண்டு சவ்வு மடிப்புகள் மண்ணீரலைப் பிணைத்திருக்கின்றன. அடி விழும்போது உறுப்பு முழுவதும் நழுவி ஒதுங்க முடியாததற்கு இந்தப் பிணைப்புகளும் ஒரு காரணம். வெளியிலிருந்து எலும்பு அழுத்தும், உள்ளே இழுத்துக் கட்டிய மடிப்பு விடாது.

19 வயதில் விலா எலும்பு வளையும். முழங்கால் இடித்த கணத்தில் உள்ளே வளைந்து மண்ணீரலை நசுக்கிவிட்டு, முறியாமல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் கீறல்கூட இருக்காது. நடுவயதுக்காரருக்கு அதே அடி பட்டால் எலும்பு முறிந்து, அதைப் பார்த்தாவது டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மண்ணீரலின் கிழிசலைக் காட்டாது.

இனி, ஏன் இவ்வளவு ரத்தம் என்பது. சுமார் 150 கிராம் எடையுள்ள இந்தச் சின்ன உறுப்புக்கு, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு போகிறது. மகாதமனியிலிருந்து கிளம்பும் சீலியாக் தண்டின் ஒரு கிளைதான் மண்ணீரல் தமனி. கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி வளைந்து நெளிந்து வந்து, வாயிலருகே பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதிக்கு மட்டும் ரத்தம் தரும். இரண்டு பகுதிகளுக்கு நடுவே குறுக்காகக் கிழிந்தால் பெரிய குழாய் அறுபடாது, பெரும்பாலும் தானே நின்றுவிடும். நீளவாக்கில் பல பகுதிகளை வெட்டிக்கொண்டோ வாயிலை நோக்கியோ கிழிந்தால்தான் ஆபத்து. மண்ணீரலின் சதையும் ரத்தத்தில் ஊறிய பஞ்சு போன்றது. அதைச் சுற்றியுள்ள உறை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட எட்டுவது அரிது. தையல் போட்டால் நூலே சதையை அறுத்துவிடக்கூடும்.

ஐந்து நாள் ஒன்றும் தெரியாததற்குக் காரணமும் அந்த உறைதான். உங்கள் மகனுக்கு முதல் நாளே சதை கிழிந்து, உறை கிழியாமல் இருந்திருக்க வேண்டும். ரத்தம் உறைக்கு உள்ளேயே தேங்கிக் கட்டியாகி, அந்த அழுத்தமே கசிவை நிறுத்தி வைத்திருக்கும். அப்போது விலா வலி மட்டும்தான் இருக்கும், அதை அடிபட்ட வலி என்றே எல்லோரும் நினைப்பார்கள். நாள் போகப் போக உறைந்த ரத்தம் கரையும், மறுபடி கசியும், கட்டி பெருத்து உறையை விரிக்கும். ஒரு இருமலோ குனிந்து எழுந்ததோ போதும், உறை வெடித்துவிடும். இப்படித் தாமதமாக வெடிப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் நடக்கிறது. இதனால்தான் இந்த இடத்தில் பலமான அடி என்றால் எக்ஸ்ரேயோடு விடக்கூடாது என்பேன். வயிற்று அல்ட்ராசவுண்டும் முழு உத்தரவாதம் இல்லை. அவசரப் பிரிவில் எடுப்பது முக்கியமாக வயிற்றுக்குள் கொட்டிய ரத்தத்தைத் தேடுவது, உறைக்குள் அடங்கிய கட்டியை அது தவறவிடலாம். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் கிழிசலின் ஆழத்தையும், ரத்தம் இன்னும் ஒழுகுகிறதா என்பதையும் காட்டும்.

தோள் வலிக்கு வருவோம். வெடித்து வெளியேறிய ரத்தம் இடது உதரவிதானத்தின் அடியில் தேங்கி அதை உறுத்தும். உதரவிதானத்தின் உணர்வை எடுத்துச் செல்லும் பிரெனிக் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் மட்டங்களிலிருந்து வருகிறது. தோள்முனைத் தோலின் உணர்வு போய்ச் சேரும் இடமும் ஏறக்குறைய அதே மட்டம். மூளைக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது, தோளில் வலி என்று எடுத்துக்கொள்ளும். இதைக் கெர் அறிகுறி என்போம். அடையாளம் காண்பது எளிது: தோளை அழுத்தினால் வலி கூடாது, கையைச் சுழற்றினாலும் மாறாது. ஆனால் மல்லாந்து படுத்துக் காலை உயர்த்தினால் ரத்தம் மேலே ஓடி வலி கூடும். வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க நேரம் செலவிட வேண்டாம். இடது விலாவில் அடிபட்டவருக்குத் தோள் வலி, வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, உட்கார்ந்திருக்கும்போதே 100-க்கு மேல் நாடித்துடிப்பு, எழுந்தால் தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று நம்பக்கூடாது. இளவயதினருக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் போகும்வரைகூட அது தாக்குப்பிடிக்கும், பிறகு ஒரேயடியாகச் சரியும். மயங்கி விழுந்தது அந்தக் கட்டம்தான்.

மண்ணீரலைக் காப்பாற்றியிருக்க முடியாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். நாடியும் அழுத்தமும் நிலையாக இருப்பவர்களை இப்போது வெட்டாமலே படுக்கவைத்துக் கண்காணிக்கிறோம், தேவையானால் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி ஒழுகும் கிளையை அடைக்கிறோம். அழுத்தம் விழுந்து மயங்கிய நிலையில் வந்தவருக்கு அதற்கெல்லாம் பொழுதில்லை, எடுத்ததே சரி.

இனி செய்ய வேண்டியது: நிமோனியாக் கிருமி, மூளைக்காய்ச்சல் கிருமி, ஹீமோஃபிலஸ் ஆகிய மூன்றுக்கும் தடுப்பூசி. அவசர ஆபரேஷன் என்பதால் அறுவைக்கு 14 நாள் கழித்துப் போடுவது வழக்கம். போட்டாயிற்றா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், மண்ணீரல் இல்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு அந்தக் காய்ச்சல், சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவும் கிருமித்தொற்றின் தொடக்கமாக இருக்கலாம். நாய்க்கடியும் மலேரியாவும்கூட அவனுக்கு மற்றவர்களைவிடக் கடுமையாகும். முதல்கட்ட ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வீட்டில் வைத்திருப்பது பற்றி உங்கள் அறுவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.