நகத்துக்குப் போட்ட குளிசை நாக்கின் ருசியைக் கொண்டுபோனால்

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 59. காற்பெருவிரல் நகம் இரண்டும் மஞ்சளாகித் தடிச்சு நாலு வருசமாச்சு. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு படர்தாமரைக்குக் குடுத்த டெர்பினஃபின் 250 குளிசையை நானும் மருந்துக்கடையில் வாங்கித் தினமும் ஒண்டு போட்டேன். ஆறு கிழமை முடிஞ்சுது. பத்து நாளாகக் கறியில் உப்பும் தெரியேல்லை, புளியும் தெரியேல்லை. அது ஈரலைப் பழுதாக்கும் எண்டு மகள் சத்தம் போடுறா, நான் ஈரல் டெஸ்ட் ஒண்டும் செய்யேல்லை. மூண்டு மாசம் போட வேணும் எண்டு கடையில் சொன்னவை, பாதி மிச்சமிருக்கு. நிப்பாட்டவா, போட்டு முடிக்கவா? பிரஷருக்கு ஒரு குளிசையும், இரவில் கால் எரிவுக்கு அமிட்ரிப்டிலினும் போடுறன்.
— வாசகி, சாவகச்சேரி

பதில்: நிப்பாட்டுங்கள் அம்மா, இன்றைக்கே. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து இல்லை இது, சட்டென்று நிறுத்தினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. சிலர் "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுப் பார்க்கிறன்" என்பார்கள், அதுவும் வேண்டாம். ஆறு கிழமை போட்டது வீணாகிவிட்டது என்று கவலைப்படவும் தேவையில்லை. இந்த மருந்து இரத்தத்தில் இருந்து நகத்துக்குள் ஊறிப் போய் அங்கே தங்கி நிற்கிற சாதி, குளிசையை விட்ட பிறகும் பல கிழமைகளுக்கு நகத்துக்குள் இருந்தபடி வேலை செய்யும்.

ருசி போனதைத்தான் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் மகள் ஈரலைப் பார்த்துப் பயப்படுகிறார், உங்கள் உடம்போ நாக்கு வழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. டெர்பினஃபின் போடுகிற நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு ருசி மாறும் அல்லது போகும். பெரும்பாலும் முதல் நாளே வராது, ஒரு மாதம் தாண்டி ஐந்தாம் கிழமைக்கும் எட்டாம் கிழமைக்கும் இடையில் வரும். உங்கள் கணக்கு அதோடு சரியாகப் பொருந்துகிறது. வயது கூடியவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் இது சற்றுக் கூடுதலாக வருகிறது. ஆனபடியால் இது வயதின் வேலை, காய்ச்சலின் மிச்சம் என்று தள்ளிவிடாதீர்கள். குளிசையை விட்டால் பலருக்குச் சில கிழமைகளில் இருந்து சில மாதங்களுக்குள் ருசி திரும்பும். சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேல் இழுக்கும், மிக அரிதாக நிரந்தரமாகவும் தங்கிவிடும். போட்டு முடிக்கிறேன் என்று இன்னும் ஆறு கிழமை இழுக்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். நகம் ஆபத்தில்லாத விடயம், அதற்காக நாக்கைப் பணயம் வைக்கிறதில் நியாயமில்லை.

ருசி வரும்வரைக்கும் சமையலில் ஒரு ஆபத்து இருக்கிறது. உப்புக் காணாது என்று சொதிக்குள் அள்ளிப் போடுவீர்கள், அது உங்கள் பிரஷருக்கும் கேடு, வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் கேடு. வழக்கமான கரண்டி அளவில் உப்பைப் போட்டுவிட்டு மகளைக் கொண்டு ருசி பார்க்கச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறையைப் பாருங்கள், ருசியில்லாமல் சாப்பாடு குறைந்து மெலிந்து போகிறவர்கள் உண்டு. மனமும் அதோடு சேர்ந்து சோர்ந்து போகும், அப்படியானால் அதையும் டொக்டரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். மணம் தெரிகிறதா என்று கோப்பித் தூளையோ பெருஞ்சீரகத்தையோ மூக்கில் பிடித்துப் பாருங்கள். மணமும் போயிருந்தால் காஸ் அடுப்புப் பக்கத்தில் தனியாக நின்று சமைக்காதீர்கள், காஸ் கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

சரி, ஈரல். டெர்பினஃபினால் ஈரலில் பெரிய பாதிப்பு வருவது மிக அரிது, பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு. ஆனால் வருகிறபோது ஏற்கெனவே ஈரல் நல்லாயிருந்தவருக்கும் வரலாம், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, பெரும்பாலும் முதல் ஆறு கிழமைக்குள் தலைகாட்டும். தொடங்க முன் டெஸ்ட் எடுப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஏற்கெனவே ஈரல் நோய் இருக்கிறவர் இதைப் போடவே கூடாது, அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது, பிறகு எண் கூடினால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய எண் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பழைய எண் இல்லை. இருந்தாலும் இப்போது போய் ஈரல் டெஸ்ட் எடுங்கள், குளிசை விட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்.

ரிப்போட்டில் எஸ்.ஜி.பி.டி. என்றோ ஏ.எல்.டி. என்றோ ஒரு வரி இருக்கும், இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் அந்த லாப்பின் மேல் எல்லையும் போட்டிருக்கும், ஏறத்தாழ 40 என்று வையுங்கள். உங்களுக்கு 30 வந்தால் நல்லது. 68 வந்தால்? முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாததால் இது மருந்தால் கூடியதா, முதலே ஈரலில் கொழுப்புப் படிந்து இருந்ததா என்று அந்த ஒரு தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. டொக்டரிடம் காட்டி, குளிசை இல்லாமல் இரண்டு மூன்று கிழமை விட்டுத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். 68 இறங்கி 35க்கு வந்தால் பழி பெரும்பாலும் குளிசையில். அங்கேயே நின்றால் கொழுப்பு ஈரலைத் தேட வேண்டும், நம்மவர்களில் அது நிறையப் பேருக்கு இருக்கிறது. மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டி, அதாவது 120க்கு மேலே வந்தாலோ, பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் கூடியிருந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

டெஸ்ட் ஒரு நாளைத்தான் காட்டும், மற்ற நாட்களுக்கு நீங்களே பார்க்க வேண்டியதுதான். மூத்திரம் கடும் பிளேன்டீ நிறத்துக்கு வருவது, மலம் வெளுப்பது, கண்ணின் வெள்ளை மஞ்சளாவது, காரணமில்லாத அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே நோவு, ஓயாத ஓங்காளிப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. உங்களைப் போன்றவர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: சாப்பாடு இறங்காததை எல்லாம் ருசியின் தலையில் போட்டுவிடுவது. ருசி மட்டும் போனவருக்குப் பசிக்கும், சாப்பிட்டால் சப்பென்று இருக்கும். ஈரல் பாதித்தவருக்குச் சாப்பாட்டைக் கண்டாலே வயிறு பிரட்டும், உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். செங்கமாரி என்று சந்தேகம் வந்தால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள்.

அமிட்ரிப்டிலின் பற்றிக் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது முதல் வரியில் இருந்திருக்க வேண்டும். உடம்பு அமிட்ரிப்டிலினைக் கழிப்பதற்கு உதவுகிற ஒரு ஈரல் நொதியை டெர்பினஃபின் அடக்கி வைக்கிறது. அதனால் நீங்கள் போடுவது அதே பழைய அளவாக இருந்தாலும் இரத்தத்தில் அது கூடி நிற்கும். வாய் வரள்வது, பகலில் தூக்கம் தூங்குவது, மலச்சிக்கல், எழும்பும்போது தலைசுற்றுவது, நெஞ்சு படபடப்பது இந்த ஆறு கிழமையில் கூடியதா என்று யோசித்துப் பாருங்கள். வாய் வரண்டாலும் ருசி குறையும், ஆகவே இரண்டும் சேர்ந்தும் உங்களைப் படுத்தலாம். டெர்பினஃபின் விட்ட பிறகும் அந்த நொதி பழைய நிலைக்குத் திரும்பச் சில கிழமை எடுக்கும். அமிட்ரிப்டிலினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம், எழுதித் தந்த டொக்டரிடம் இரண்டு பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரஷர்க் குளிசையின் பெயர் நீங்கள் எழுதவில்லை. அது மெற்றோப்ரொலோல் என்றால் அதற்கும் இதே கதைதான், நாடி மெதுவாகும், களைப்பு வரும், அதையும் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கேள்வி, கால் எரிவு எதனால் என்று சீனி பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அதே ஊசிக் குத்தோடு சீனிக்கும் இரத்தம் கொடுங்கள். சலரோகம் இருந்தால் நகப் பங்கசு வெறும் அழகு விடயம் இல்லை, நகத்தோரம் வெடித்துக் கிருமி ஏறிக் கால் வீங்கக்கூடும்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாததற்குக் காரணம் உண்டு. தோலில் வரும் படர்தாமரைக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு கிழமை போதும், ருசி போகிற காலத்துக்கு முன்னமே அவர் முடித்திருப்பார். கால்நகத்துக்கு பன்னிரண்டு கிழமை, கைநகத்துக்கு ஆறு. (முதுகில் தேமல் என்று இந்தக் குளிசையை வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தேமலுக்கு இந்தக் குளிசை வேலையே செய்யாது, பூசுகிற கிறீம் வேறு கதை.) வேறு யாருக்கும் இது ஆகாதா என்றால், ஈரல் நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பாதிக்கும் மேல் பழுதானவர்கள், லூபஸ் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிற தாய்மார் தவிர்க்க வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அது கிளம்பிவிடலாம், டொக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. இனி இந்தப் பட்டியலில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள், ஒருமுறை ருசியைக் கொண்டுபோனால் திரும்ப இதைத் தொடங்கக் கூடாது. மிச்சக் குளிசையை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

இன்னொன்று கேட்காமலே சொல்கிறேன், அது பங்கசுதான் என்று யார் சொன்னது? தடித்து மஞ்சளாகிற நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பங்கசு. செருப்பு இடிப்பது, பழைய அடி, சொரியாசிஸ், வயது, எல்லாம் அதே மாதிரி நகத்தைத் தரும். நகத்தைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் குளிசை தொடங்கியிருக்க வேண்டும். இப்போது சுரண்டிப் பார்த்தால் மருந்து உள்ளே இருக்கிறபடியால் பங்கசு இருந்தாலும் இல்லை என்று ரிப்போட் வரலாம், எனவே சில மாதம் பொறுங்கள். அதுவரைக்கும் நகத்தின் அடியில், தோலோடு சேர்கிற இடத்தைப் பாருங்கள். நல்ல நகமும் பழுதான நகமும் சந்திக்கிற கோட்டில் அரத்தால் மெல்லிய கீறல் ஒன்று போட்டு வையுங்கள். கால்நகம் மாதத்துக்கு ஒன்று ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். மூன்று மாதத்தில் கீறல் முன்னால் நகர்ந்து, அதற்குப் பின்னால் தெளிவான நகம் வந்தால் போட்டது வேலை செய்கிறது, முழுதும் மாற ஒரு வருசத்துக்கு மேல் பிடிக்கும். கீறல் நகர்ந்தும் மஞ்சள் அதைத் தாண்டிப் பின்னுக்கு வந்தால் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். பங்கசு என்று உறுதியானால் பூசுகிற அமொரொல்பின் நகப்பூச்சைக் கேட்கலாம், கிழமைக்கு ஒருமுறை பூசினால் போதும், குளிசையளவு பலன் இல்லைதான், ஆனால் ஈரலுக்கும் நாக்குக்கும் போகாது.